செவிலியர் தினத்துக்கு உரை எழுதுவது எப்படி: ஒரு டெங்கு ஆண்டை முன்வைத்து

ஏப்ரல் கடைசி வாரத்தில் மருத்துவக் கண்காணிப்பாளர் அறையிலிருந்து அழைப்பு வரும். "மே 12 செவிலியர் தினம். போன வருஷம் பிள்ளைகள் ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டார்கள். நன்றி சொல்கிற மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்." இந்த வேலை பெரும்பாலும் அலுவலகத்தில் தமிழ் நன்றாக எழுதுவார் என்று பெயர் வாங்கிய ஒருவர் தலையில்தான் விழும். முதன்முறையாக அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை டெங்கு காய்ச்சல் வார்டை நிரப்பியது. பணியிடங்கள் சில காலியாகவே இருந்தன. யாருக்கும் கேட்ட நாளில் விடுப்பு கிடைக்கவில்லை. கடினமான ஆண்டு என்றால் அரசு மருத்துவமனையில் அநேகமாக இதுதான்.

முதலில், எழுத உட்கார்ந்தவுடன் கைக்கு வரும் சொற்களை ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிடுங்கள். வெள்ளுடை தேவதைகள், தாய்க்கு நிகரானவர்கள், தியாகத்தின் திருவுருவம், தன்னலமற்ற சேவை, கை விளக்கேந்திய காரிகை. இவற்றில் எதுவும் பொய்யில்லைதான். ஆனால் எந்த ஊரில், எந்த ஆண்டில் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதால் அரங்கில் இருப்பவர்கள் காதில் ஏறாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் இரண்டு மணிக்குத்தான் காலை டியூட்டி முடித்து, வார்டை ஒப்படைத்துவிட்டு, சாப்பிடாமல்கூட வந்திருப்பார். தியாகம் என்ற சொல்லைக் கேட்டால், விடுப்பு மறுக்கப்பட்ட நாள்தான் அவர் நினைவுக்கு வரும்.

நைட்டிங்கேல் வரலாற்றையும் ஒரு வாக்கியத்தோடு நிறுத்துங்கள். அவர் பிறந்த நாள் 1820 மே 12 என்பதும், அந்த நாளை உலகச் செவிலியர் தினமாகச் சர்வதேசச் செவிலியர் மன்றம் 1974இல் அறிவித்தது என்பதும் நிகழ்ச்சித் தொகுப்பாளரே சொல்லிவிடுவார். மெழுகுவத்தி ஏந்தி எடுக்கும் உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதியதாக மேடையில் சொல்வது வழக்கம்; அது தவறு. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவரின் தலைமையில் ஒரு குழு எழுதி, நைட்டிங்கேல் பெயரைச் சூட்டியது. நைட்டிங்கேலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் விளக்கை விட்டுவிட்டுக் கணக்கைச் சொல்லுங்கள். கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தால் செத்ததைவிட நோயால் செத்ததே அதிகம் என்பதை எண்ணிக்கையாகத் திரட்டி, வரைபடமாகப் போட்டு, அரசாங்கத்திடம் காட்டியவர் அவர். உங்கள் உரைக்கு உதவப் போவதும் அந்தப் பழக்கம்தான்.

கணக்கு எங்கே கிடைக்கும்

ஒவ்வொரு வார்டிலும் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நோயாளிகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அந்த சென்சஸ் புத்தகம்தான் உங்களுக்கான முதல் ஆவணம். இரண்டாவது, அதே மாதங்களின் டியூட்டி பட்டியல். இரண்டையும் செவிலியர் கண்காணிப்பாளரிடம் கேட்டு வாங்கி, அவர் அறையிலேயே உட்கார்ந்து பாருங்கள். மூன்று மாதக் கணக்கையும் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மிக அதிக எண்ணிக்கை பதிவான ஓர் இரவைக் கண்டுபிடியுங்கள்; அந்த இரவில் யார் யார் பணியில் இருந்தார்கள் என்று பட்டியலில் பாருங்கள். வேலை முடிந்தது.

எடுத்துக்காட்டாக, நவம்பரில் ஓர் இரவு காய்ச்சல் வார்டில் 108 பேர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். கட்டில்கள் 60. மீதிப் பேர் தரையிலும் வராந்தாவிலும் பாயில். இரவுப் பணியில் மூன்று செவிலியர்கள். ஒருவருக்கு 36 நோயாளிகள். இதுவரை எல்லாரும் கணக்குப் போடுவார்கள். நீங்கள் இன்னும் ஒரு படி போங்கள். அந்த 36 பேரில் பத்துப் பேருக்கு அபாய அறிகுறிகள் இருந்தன, மணிக்கொரு முறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து எழுத வேண்டியிருந்தது என்றால், இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை 120 முறை. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஆறு மணி நேரம். டிரிப்ஸ் மாற்றுவது, ஊசி போடுவது, புதிதாக வந்தவருக்கு கேஸ் ஷீட் போடுவது, "சிஸ்டர், தண்ணி குடிக்கலாமா" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது எல்லாம் மீதி ஆறு மணி நேரத்தில்.

மூன்று மாதத்தில் இத்தனை ஆயிரம் நோயாளிகள் என்று சொன்னால் கைதட்டுவார்கள். ஓர் இரவில் 120 முறை என்று சொன்னால், அந்த இரவில் அங்கே இருந்தவர் நிமிர்ந்து உட்காருவார். தன்னுடைய வேலையை யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

இங்கே ஓர் எச்சரிக்கை. டெங்கு பாதிப்பு, இறப்பு எண்ணிக்கைகளைத் துறை முறைப்படி வெளியிடும். கண்காணிப்பாளர் மேடையில் தன் கணக்கைச் சொன்னால், மறுநாள் நாளிதழில் வேறு தலைப்போடு வரும். வார்டு நிரம்பியதைச் சொல்லலாம். மாவட்ட இறப்பு எண்ணிக்கையைத் தொட வேண்டாம். "ஓர் உயிரைக்கூட இழக்கவில்லை" என்று ஆர்வத்தில் எழுதிவிடாதீர்கள். அது உண்மையில்லை என்றால், எந்தக் கட்டிலில் யார் இறந்தார் என்பது அரங்கில் உள்ள பாதிப் பேருக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு உரையில் எதையும் நம்ப மாட்டார்கள்.

ஒரு சம்பவம் போதும்

கணக்குக்குப் பிறகு ஒரு சம்பவம் வேண்டும். தலைமைச் செவிலியர்களிடம் போய் "யார் நன்றாக வேலை பார்த்தார்கள்?" என்று கேட்டால் "எல்லாரும்தான் சார் பார்த்தார்கள்" என்பார்கள். அந்தக் கேள்வியால் பயனில்லை. தவிரவும் அது வம்பு. டியூட்டி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தீபாவளி இரவு வார்டில் யார் இருந்தார்கள்? அன்று என்ன தீர்ந்துபோனது? கொசுவலை போதவில்லை என்றதும் எங்கிருந்து வாங்கினீர்கள்? விடியற்காலையில் எந்த மருத்துவரைக் கூப்பிட்டீர்கள், ஏன்? இப்படிக் கேட்டால் "நாங்கள் வேலையைத்தானே பார்த்தோம்" என்று தொடங்கிப் பத்து நிமிடத்தில் மூன்று சம்பவங்கள் சொல்லிவிடுவார்கள். மதியம் டியூட்டி மாறும் நேரத்தில் போகாதீர்கள். நாலு மணிக்கு மேல் போங்கள்.

சொன்னவற்றில் எதை எடுப்பது? செவிலியர் தானே கண்டுபிடித்த, தானே முடிவெடுத்த ஒன்றை எடுங்கள். "மருத்துவர்களின் அறிவுரைகளைத் திறம்படச் செயல்படுத்திய" என்று பல உரைகளில் வருகிறது. எழுதுபவர் பாராட்டு என்று நினைக்கிறார். கேட்பவருக்கோ, சொன்னதைச் செய்தாய், அவ்வளவுதான் என்று ஒலிக்கும்.

டெங்கு வார்டில் இதற்குத் தகுந்த சம்பவம் நிச்சயம் கிடைக்கும், ஏனென்றால் அந்த நோயின் போக்கே அப்படி. காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கும் நாட்களைவிடக் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்து. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல் சூடு தணியும். அதே நேரத்தில் ரத்த நாளங்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கலாம். வீட்டார் "சூடு விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாமா?" என்று பையைக் கட்டுவார்கள். செவிலியர் பையனின் பாதத்தைத் தொடுகிறார்; சில்லென்று இருக்கிறது. ரத்த அழுத்தம் 100/84. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். இரண்டுக்கும் இடையே 16தான். இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால், குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மணி மூன்று. டியூட்டி மருத்துவரை எழுப்புகிறார். டிரிப்ஸ் வேகம் மாறுகிறது. நாலாம் நாள் பையன் நடந்து வீட்டுக்குப் போகிறான்.

உரையில் இதை விளக்க வேண்டாம். அரங்கில் இருப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். "100க்கு 84" என்று சொல்லி நிறுத்தினாலே போதும், தலையசைப்பார்கள். சிறப்பு விருந்தினராக மாவட்ட ஆட்சியரோ சட்டமன்ற உறுப்பினரோ வந்திருந்தால் அவர்களுக்காக ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளலாம்.

நோயாளியின் பெயர், ஊர், வயது எதுவும் வரக்கூடாது. "மூணாம் நம்பர் கட்டில்" என்பதுகூட வேண்டாம்; சின்ன ஊரில் அடையாளம் தெரிந்துவிடும். செவிலியர் பெயரைச் சொல்வதாக இருந்தால் அவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பலர் வேண்டாம் என்பார்கள். அன்று இரவு உடன் இருந்த மற்ற இருவர் என்ன நினைப்பார்கள் என்ற சங்கடம் அவருக்கு இருக்கும், அது நியாயமும்கூட. அப்போது "காய்ச்சல் வார்டின் இரவுப் பணியில் இருந்த ஒருவர்" என்று எழுதுங்கள். எல்லாருக்கும் தெரியும் யார் என்று. பெயர் சொல்லாததால் யாருக்கும் வருத்தமில்லை.

இன்னொன்று. நிபா நோயாளியைக் கவனித்துத் தானும் தொற்றுக்கு ஆளாகி 2018 மே 21 அன்று இறந்த கேரளத்தின் பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினியின் பெயரைச் சிலர் இத்தகைய உரைகளில் சேர்ப்பதுண்டு. சேர்ப்பதென்றால், அடுத்த வாக்கியம் நம் மருத்துவமனையில் கையுறையும் முகக்கவசமும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்க என்ன செய்திருக்கிறோம் என்பதாக இருக்கட்டும். அவர் மரணத்தை முன்மாதிரியாகக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவது, உயிரோடு இருப்பவர்களிடம் சொல்லத் தகுந்த செய்தி இல்லை.

ஒப்புக்கொள்வதும் வாக்குக் கொடுப்பதும்

கண்காணிப்பாளர்கள் தயங்கும் இடம் இது. நான் விடாப்பிடியாக நிற்கும் இடமும் இதுதான். கடினமான ஆண்டுக்குப் பிறகு சொல்லும் நன்றியில், அந்த ஆண்டு நிர்வாகத்தின் பக்கம் என்ன குறை இருந்தது என்று ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும். "டிசம்பரில் விடுப்பு கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னோம்" என்பது குற்ற ஒப்புதல் ஆகாது. நடந்தது அதுதான். அதைச் சொல்லாமல் "இன்முகத்துடன் பணியாற்றினீர்கள்" என்றால் அரங்கில் ஓர் இளக்காரச் சிரிப்பு ஓடும்.

சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். "சிலருக்கு மனக்குறை இருந்திருக்கலாம்" என்று எழுதினால் குறை அவர்கள் மனத்தில் இருப்பதாக ஆகிவிடும். செயலுக்கு எழுவாய் வேண்டும். "நாங்கள் மறுத்தோம்", "நான் கையெழுத்துப் போடவில்லை". கண்காணிப்பாளர் அந்த வரியை அடித்துவிடக்கூடும். முதல் வரைவில் எழுதிக் கொடுங்கள், அவராகவே யோசிக்கட்டும்.

வாக்குறுதிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை அளவில் முடிகிறவை ஒரு பக்கம்: ஓய்வறைக்குத் தாழ்ப்பாள், இரவுப் பணிக்குக் குடிநீர், டியூட்டி பட்டியலை மாதம் பிறப்பதற்கு முன்பே ஒட்டுவது. இவற்றில் ஒன்றையோ இரண்டையோ தேதியோடு சொல்லலாம். மறுபக்கம், மருத்துவமனைக்கு அதிகாரம் இல்லாதவை. தமிழக அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களைத் தேர்வு செய்வது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். காலியிடத்தைக் கண்காணிப்பாளர் நிரப்ப முடியாது. தொகுப்பூதியத்தில் இருக்கும் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அதையும் அவர் தீர்க்க முடியாது. இவற்றைப் பற்றி "விரைவில் நல்லது நடக்கும்" என்று எழுதவே எழுதாதீர்கள். கேட்டு எழுதிய கடிதம் இருந்தால் அதன் தேதியைச் சொல்லுங்கள். கடிதம் இல்லையென்றால், மே 12க்கு முன்பு ஒரு கடிதம் போகட்டும். உரை எழுதுவதால் சில நேரம் இப்படி ஒரு நன்மையும் விளையும்.

தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் எதிரில் இருக்கும்போது "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற வரியும் வேண்டாம். அதே வார்டில் அதே இரவு வேலை செய்தவர்களுக்கு வேறு வேறு சம்பளம். குடும்பம் என்றால் அவர்களுக்கு அதுதான் உறைக்கும்.

யாரை எப்படி விளிப்பது

"அன்புச் சகோதரிகளே" என்று தொடங்காதீர்கள். ஆண் செவிலியர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். "செவிலியர் நண்பர்களே" எல்லாருக்கும் பொருந்தும். மேடையில் இருப்பவர்களைப் பதவி வரிசைப்படி விளிப்பது இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடும். வரவேற்புரையில் அது ஏற்கெனவே நடந்திருக்கும் என்பதால், "மேடையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். முடியாது, விருந்தினர் கோபித்துக்கொள்வார் என்று கண்காணிப்பாளர் சொன்னால், அந்தப் பெயர்களை ஒரு தனித் தாளில் எழுதிக் கொடுங்கள். கடைசி நேரத்தில் வருகிறவர் மாறினாலும் உரையை அடித்துத் திருத்த வேண்டியிருக்காது.

மருத்துவமனைப் பணியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், ஆய்வகத்தார் என்று எல்லாப் பிரிவுக்கும் நன்றி சொல்லத் தோன்றும். அவர்களுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள், அதில் உயிர் இருக்கட்டும். அதற்கு மேல் போக வேண்டாம். இது செவிலியர்களின் நாள். செவிலியர்களிலும் தனிப்பெயர்ப் பட்டியல் வேண்டாம் என்பேன். நூற்றைம்பது பெயரில் ஒன்று விட்டுப்போனால் அந்த ஒருவருக்கு மற்ற நூற்று நாற்பத்தொன்பதும் வேண்டாததாகிவிடும். வார்டு வாரியாகச் சொல்லுங்கள். ஓய்வு பெறுகிறவர்கள், அந்த ஆண்டில் இறந்துபோனவர்கள் பெயர்கள் மட்டும் முழுமையாக, முதலெழுத்தோடு, பணிப்பதிவேட்டில் ஒப்பிட்டுச் சரிபார்த்து. இறந்தவர் இருந்தால் அவர் பெயர் உரையின் தொடக்கத்திலேயே வரட்டும். கேக் வெட்டிய பிறகு நினைவுகூர்வது நன்றாயிருக்காது. எப்படி இறந்தார் என்பதைச் சொல்லும் உரிமை குடும்பத்தாருக்கு உரியது.

ஒரு முழு வரைவு

மேடையில் நிதானமாகத் தமிழ் பேசுகிறவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்கள் பேசுவார். ஐந்து நிமிடம் கேட்டால் நான்கு நிமிடத்துக்கு எழுதுங்கள். மீதியைக் கைதட்டலும் மைக் சரிசெய்வதும் எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன எடுத்துக்காட்டு மருத்துவமனைக்கு இப்படி எழுதலாம். எண்களும் தேதிகளும் மாதிரிக்குத்தான். உங்கள் பதிவேட்டில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"மேடையில் உள்ள அனைவருக்கும், செவிலியர் நண்பர்களுக்கும் வணக்கம்.

நவம்பர் மாதம் ஓர் இரவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அன்று நள்ளிரவுக் கணக்குப்படி காய்ச்சல் வார்டில் 108 பேர். கட்டில்கள் 60. பணியில் இருந்த செவிலியர்கள் மூன்று பேர். பத்து நோயாளிகளுக்கு மணிக்கொரு முறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தால், ஓர் இரவில் ஒருவர் 120 முறை குனிந்து நிமிர வேண்டும். பாதிப் பேர் தரையில் படுத்திருந்ததால் மண்டியிட வேண்டும். அந்த வார்டின் பதிவேட்டை நான் போன வாரம் பார்த்தேன். ஒரு மணி நேரம்கூட விடுபடவில்லை.

அப்படி ஓர் இரவில், விடியற்காலை மூன்று மணிக்கு, ஒரு பையனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வீட்டார் சந்தோஷமாக இருந்தார்கள். பணியில் இருந்த செவிலியர் அவன் காலைத் தொட்டுப் பார்த்தார். ரத்த அழுத்தம் 100க்கு 84. உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அவர் மருத்துவரை எழுப்பினார். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறான். அன்று அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

காய்ச்சல் வார்டு நிரம்பியபோது தங்கள் வார்டிலிருந்து ஆள் அனுப்பிவிட்டு, குறைந்த ஆட்களோடு சமாளித்த பிரசவ வார்டு, அறுவை சிகிச்சை வார்டு, குழந்தைகள் பிரிவு, அவசர சிகிச்சைப் பிரிவு. உங்கள் வார்டைப் பற்றிப் பத்திரிகையில் எதுவும் வரவில்லை. உங்கள் வேலையும் இரண்டு மடங்கானது என்பது எனக்குத் தெரியும். இரவில் வராந்தாவைக் கழுவிவிட்டுப் பாய் விரித்துக் கொடுத்த பணியாளர்களும் இதில் சேர்த்தி.

டிசம்பரில் பலர் விடுப்பு கேட்டீர்கள். சொந்தக்காரர் கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல், உங்களுக்கே முதுகு வலி. நான் மறுத்தேன். வேறு வழியில்லை என்று அப்போது சொன்னேன். டியூட்டி பட்டியலை முன்கூட்டியே போட்டிருந்தால் சிலருக்காவது கொடுத்திருக்க முடியும். அது என் பொறுப்பு.

ஜூன் மாதத்திலிருந்து டியூட்டி பட்டியல் முந்தைய மாதம் 25ஆம் தேதியே ஒட்டப்படும். இரண்டாம் மாடி ஓய்வறைக்குத் தாழ்ப்பாளும் மின்விசிறியும் இந்த மாதக் கடைசிக்குள் வந்துவிடும். காலிப் பணியிடங்களை நிரப்பக் கேட்டு ஏப்ரல் 28 அன்று இயக்குநருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். நிரப்புவது என் கையில் இல்லை. பதில் வந்ததும், என்ன பதிலாக இருந்தாலும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

இந்த ஆண்டுக்காக உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி."

இதில் வர்ணனைச் சொல் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கண்காணிப்பாளர் கவிதையாக ஏதாவது வேண்டும் என்று கேட்பார். திருக்குறள் ஒன்று சேர்க்கலாம் என்பார். சேர்ப்பதானால் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் பொருந்தும்: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்று மருத்துவத்தை நான்கு கூறாகச் சொல்கிறது. உழைச்செல்வான் என்பவர் நோயாளியின் அருகிலிருந்து கவனிப்பவர். இரண்டாவது பத்திக்குப் பிறகு வைத்தால் உரை தடைபடாது. வேறு இரண்டு மூன்று குறள்களை அடுக்குவதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எழுதி முடித்த பிறகு

வரைவை முதலில் செவிலியர் கண்காணிப்பாளரிடம் காட்டுங்கள். மருத்துவக் கண்காணிப்பாளர் பார்ப்பதற்கு முன்பே காட்டினால் நல்லது. எண் தவறாக இருந்தால், வார்டு விடுபட்டிருந்தால், அவருக்குத்தான் தெரியும். "ஒரு மணி நேரம்கூட விடுபடவில்லை" போன்ற வரியை யாரும் சரிபார்க்காமல் விடக்கூடாது. பதிவேட்டில் விடுபட்டிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அத்தனை கூட்டத்தில் விடுபடுவது இயல்புதான், அதைப் பொய்யால் மூட வேண்டியதில்லை.

பிறகு பேசப் போகிறவரை ஒரு முறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை அங்கேயே வெட்டுங்கள். "என் பொறுப்பு" என்ற இடத்தில் குரல் தாழ்ந்து வாய்க்குள் போய்விடும், கவனியுங்கள். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், பத்தி இரண்டாக உடையாமல் அச்சிடுங்கள். மேடை மின்விசிறிக்குத் தாள் பறக்கும். அட்டையில் செருகிக் கொடுங்கள்.

நிகழ்ச்சியை மதியம் டியூட்டி மாறும் நேரத்தை ஒட்டி வைத்தால் காலை ஆட்கள் வர முடியும், மதிய ஆட்களில் சிலர் எட்டிப் பார்க்க முடியும். இரவு ஆட்கள் வர மாட்டார்கள். அவர்கள் தூங்க வேண்டிய நேரம் அது. உரையோ முழுக்க இரவுப் பணியைப் பற்றியது. ஆகவே அன்று இரவு எட்டு மணிக்கு, வார்டு ஒப்படைக்கும் நேரம் முடிந்ததும், கண்காணிப்பாளர் காய்ச்சல் வார்டுக்கு நேரில் போய்க் கணக்குப் பத்தியையும் விடுப்புப் பத்தியையும் மைக் இல்லாமல் சொல்லிவிட்டு வர வேண்டும். இரண்டு நிமிடம் போதும். கேக்கில் ஒரு பங்கையும் அவர்களுக்கென்று மதியமே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பிறகு மிஞ்சாது. மறுநாள் உரையின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது, வாக்குக் கொடுத்த தேதிகளை உங்கள் நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள். 25ஆம் தேதி பட்டியல் ஒட்டப்பட்டதா என்று முதலில் உங்களிடம்தான் கேட்பார்கள்.